சூடான எஞ்சினில் ஐடிலில் மினுக்கிய ஆயில் லைட்

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் மட்டும் ஆயில் லைட் மினுக்கியது. லேசாக ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அணைந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டில் சரியாக இருந்தது. இந்த இடத்தில் பலர் ஆயில் அழுத்த சென்சாரை மட்டும் மாற்றிவிட்டு வண்டியை ஓட்டுகிறார்கள், அது ஆபத்து.

சென்சாரைக் கழற்றி, அதே துளையில் மெக்கானிக்கல் கேஜை மாட்டினேன். சூட்டில் ஐடிலில் 0.4 பார்தான் காட்டியது. இந்த சென்சார் விளக்கை எரியவிடுவதும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில்தான். ஆக, சென்சார் சொன்னது உண்மை.

சம்ப்பை இறக்கி கனெக்டிங் ராட் பேரிங்குகளைப் பார்த்தேன். சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் பிளாஸ்டிக் இழை வைத்து அளந்ததில் இடைவெளி 0.10 மி.மீ.; அந்த எஞ்சினுக்கு 0.06 வரைதான் அனுமதி. சூட்டில் இளகிய ஆயில் அந்த இடைவெளி வழியே வழிந்துவிடும். ஐடிலில் மெதுவாகச் சுற்றும் பம்ப்பால் ஈடுகட்ட முடியாது.

பேரிங்குகளுக்குள் சுழலும் கிராங்க் ஜர்னல்கள் மைக்ரோமீட்டரில் அளவுக்குள் இருந்ததால், மெயின், ராட் பேரிங்குகளை மட்டும் புதிதாகப் போட்டேன். இப்போது சூட்டில் ஐடிலில் 1.2 பார் நிற்கிறது.