ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்காதீர்கள்: பியாஜேயின் சோதனையை வகுப்பில் செய்வோர் விடும் தவறுகள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், தரம் 1 வகுப்பின் பின்வாங்கில் இருந்து ஒரு பயிலுனர் ஆசிரியையின் செயற்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வயதுப் பொடியன் ஒருவனைக் கூப்பிட்டுப் பாயில் இருத்தினார். ஆறு புளியங்கொட்டையை ஒரு வரிசையாகவும், அதற்கு நேரே இன்னும் ஆறை மற்ற வரிசையாகவும் வைத்தார்.

“எதில கூட இருக்கு?”

“ரண்டும் சமன் ரீச்சர்.”

ஒரு வரிசையை அகட்டி நீளமாக்கினார். “இப்ப சொல்லுங்கோ, எதில கூட?”

பொடியன் கொட்டையைப் பார்க்கவில்லை, ரீச்சரின் முகத்தைப் பார்த்தான். பிறகு நீண்ட வரிசையைக் காட்டினான். பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது: “முன்செயற்பாட்டுப் பருவம்.”

அந்த ஒரு வரிக்குள் எத்தனை தவறு இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

சுவிற்சர்லாந்துக்காரரான ஜீன் பியாஜே (1896–1980) பிரித்த நான்கு பருவங்களையும் நாங்கள் பரீட்சைக்காக மனனம் செய்திருக்கிறோம். இரண்டு வயதுவரை புலனியக்கப் பருவம், ஏழுவரை முன்செயற்பாட்டுப் பருவம், பதினொன்றுவரை தூல சிந்தனைப் பருவம், அதற்கு மேல் நியம சிந்தனைப் பருவம். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் பிள்ளை தாண்டியதைக் காட்டும் அடையாளமாக அவர் எடுத்துக்கொண்டதுதான் மாறாத்தன்மை: பொருளின் தோற்றம் மாறினாலும், ஒன்றும் சேராமலும் குறையாமலும் இருந்தால் அளவு மாறாது என்ற விளக்கம். புளியங்கொட்டைச் சோதனை அதற்கானது. பியாஜே மேல் பின்னால் வந்த விமர்சனங்களில் கூர்மையானவை பல இந்தச் சோதனையைச் சுற்றியே எழுந்தன.

கேள்வியே விடையைக் கெடுக்கும்

எங்கள் வகுப்பறையில் ஒரே கேள்வியை ஆசிரியர் திரும்பக் கேட்டால் அதற்கு என்ன பொருள்? “முதல் சொன்னது பிழை, மாத்திச் சொல்லு” என்பதுதான். தரம் 1 பிள்ளை இதை முதலாம் தவணை முடிவதற்குள் பழகிவிடும். பியாஜேயின் முறையிலோ மாற்றத்துக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம் என அதே கேள்வி இரண்டு முறை வருகிறது.

இந்தச் சந்தேகத்தை 1974இல் ரோஸ், பிளாங்க் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முதற் கேள்வியை விட்டுவிட்டார்கள். சமனான வரிசைகளைப் பிள்ளை பார்க்கும், ஒரு வரிசையை மாற்றுவார்கள், அதன் பிறகு மட்டும் ஒரு முறை கேட்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் விட்ட பிழை குறைந்தது. பத்து ஆண்டு கழித்து, 1984இல், சாமுவேலும் பிரையன்ரும் இங்கிலாந்தில் ஐந்து முதல் எட்டரை வயது வரையான 252 பிள்ளைகளுடன் இதைப் பெரிதாகச் செய்தார்கள். கொட்டை போன்ற எண்ணிக்கை மட்டுமல்ல, களியும் தண்ணீரும் சேர்ந்தன. அங்கும் ஒரு கேள்வி கேட்கப்பட்டவர்களே நன்றாகச் செய்தார்கள்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. விமர்சனத்தை மட்டும் தூக்கிப் பிடிப்பவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். எந்த முறையில் கேட்டாலும் மூத்த பிள்ளைகள் இளையவர்களை விட நன்றாகவே செய்தார்கள். எண்ணிக்கை இலகுவாகவும் தண்ணீர் கடினமாகவும் இருந்தது. வயதோடு ஏதோ வளர்கிறது என்ற பியாஜேயின் அடிப்படைக் கவனிப்பு அங்கே உடையவில்லை. எந்த வயதில் என்று அவர் போட்ட கோடுதான் ஆட்டம் கண்டது.

கையும் பேசும்

அடுத்த தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே, எல்லாரும் பார்க்க, வரிசையை அகட்டினால் அந்தச் செயலுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று பிள்ளை நினைப்பது நியாயம்தானே? அகட்டியதைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு நீளத்தைப் பற்றிப் பதில் சொல்லும்.

1974இல் மக்காரிகிளும் டொனால்ட்சனும் இதற்கு ஒரு குழப்படிக் கரடிப் பொம்மையைக் கொண்டுவந்தார்கள். கரடி பெட்டிக்குள்ளிருந்து பாய்ந்து வந்து வரிசையைக் கலைத்துவிட்டு ஓடும். கலைத்தது தற்செயல் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தபோது, நான்கு முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளில் வழமையை விடப் பலர் “சமன்” என்றார்கள்.

இதை வாசித்த உற்சாகத்தில் பொம்மையோடு வகுப்புக்குப் போகிறவர்கள் 1986ஐயும் வாசிக்க வேண்டும். மூர், ஃப்ரை என்ற இருவரும் அதே கரடியைக் கொண்டு உண்மையாகவே ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்தார்கள். அப்போது “சமன் இல்லை” என்பதுதான் சரியான விடை. ஆனால் கரடி வந்தபோது பிள்ளைகள் அதில் சறுக்கினார்கள். கரடியின் குழப்படியில் கண் போய்விட்டால், நடந்ததைப் பாராமலே “சமன்” என்று சொல்லிவிடலாம். அப்படி வந்த சரியான விடையை விளக்கம் என்று எண்ணக்கூடாது.

இன்னொரு வழி கிறீன்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் செனகல் நாட்டின் வொலோஃப் மக்களிடையே கண்டது. அந்த ஆய்வு 1966இல் வெளியானது. தண்ணீரை நீண்டு ஒடுங்கிய பாத்திரத்துக்கு மாற்றி ஊற்றியபோது, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் சிலர், தண்ணீர் கூடியதற்குக் காரணம் “நீங்கள் ஊற்றினீர்கள்” என்றார்கள். பெரியவரின் கைக்கு ஏதோ வல்லமை இருப்பது போல! பிள்ளைகளையே ஊற்றவிட்டபோது “சமன்” என்றவர்கள் வெகுவாகக் கூடினார்கள். பொம்மை செய்யும் செலவும் மிச்சம்.

அதே பொடியன், ஒரு கிழமை கழித்து

அடுத்த கிழமை நானே அவனோடு இருந்தேன். இரண்டு வரிசையையும் அவனே சோடி சோடியாக வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. “இதைக் கொஞ்சம் அகட்டி விடுங்கோ அப்பு” என்றேன், அவனே அகட்டினான். பிறகு ஒரே தரம் கேட்டேன்.

“சமன்.”

“ஏன்?”

“ஒண்டும் எடுக்கேல்லையே.”

இந்த “ஏன்” இல்லாமல் சோதனை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. பியாஜேயே விடையை விடக் காரணத்துக்குத்தான் காது கொடுத்தார். பிள்ளைகள் சொல்லும் நல்ல காரணங்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: “ஒன்றும் எடுக்கவில்லை, போடவில்லை”; “திரும்பக் கிட்ட வைத்தால் முன்னைப் போல வரும்”; “நீளம் கூடத்தான், ஆனால் இடைவெளியும் கூட.”

அவனுக்கு ஒரு எதிர்ப்பேச்சும் வைத்தேன். “வேற ஒரு பிள்ளை நீட்டா இருக்கிறதில கூட எண்டு சொன்னது.” அவன் சிரித்தான். “அது நீட்டிக் கிடக்கு, அவ்வளவுதான்.”

பிறகு அவன் கண்முன்னாலேயே ஒரு கொட்டையை எடுத்துப் பொக்கற்றில் போட்டுவிட்டு வரிசையை நெருக்கினேன். “இப்ப இதில குறைய” என்றான். இந்தச் சோதிப்பு அரை நிமிடம்தான். எல்லாவற்றுக்கும் “சமன்” சொல்லும் பிள்ளையை அது காட்டிக்கொடுக்கும். நம் ஆட்கள் அனேகமாக விட்டுவிடுவது இதைத்தான்.

எச்சரிக்கையாக ஒன்று: இடையில் ஒரு கிழமை போய்விட்டது, அதற்குள் அவன் கற்றிருக்கலாம். ஒரு பொடியனை வைத்து ஒரு கேள்வி முறை நல்லதென்று நிறுவ முடியாது. அதற்காகத்தான் சாமுவேலும் பிரையன்ரும் வெவ்வேறு முறையை வெவ்வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

அடுத்து தண்ணீர். ஒரே மாதிரியான இரண்டு பேணியில் சமனாக நிரப்பினான். ஒன்றை ஒடுங்கிய போத்தலுக்குள் அவனே ஊற்றினான். ஒரே தரம் கேட்டேன். “போத்தலில கூட.” ஏன்? “மேல வரைக்கும் நிக்குதே.” திரும்பப் பேணியில் ஊற்றினால் எப்படி இருக்கும் என்று கேட்டதற்குச் சரியான உயரத்தைக் கைவிரலால் காட்டினான். ஆனாலும் போத்தலில் கூடத்தான் என்றான்.

இந்தப் பொடியன் எந்தப் பருவம்? கொட்டையைக் கேட்டால் மூன்றாவது, தண்ணீரைக் கேட்டால் இரண்டாவது. பியாஜேக்கும் இது தெரியும். எண்ணிக்கை முதலில், பொருளின் அளவு பிறகு, நிறை அதற்கும் பிறகு, கனவளவு பதினொரு வயதளவில் என்று வரிசையாக வருவதை அவரே எழுதினார். ஒரே மனவமைப்பு எல்லாவற்றுக்கும் பொதுவென்றால் ஏன் இத்தனை ஆண்டு இடைவெளி என்பதற்கு அவரிடம் திருப்தியான விளக்கம் இருக்கவில்லை. என் பார்வையில் கேள்வி முறை பற்றிய விமர்சனத்தை விட இதுதான் கனமானது. பிள்ளை முழுவதுக்கும் ஒரு பருவப் பெயர் வைக்கும் பழக்கத்தின் அடியிலேயே இது கை வைக்கிறது.

தண்ணீரில் அவன் உயரத்தைப் பிடித்துக்கொண்டதை எண்ணிப் பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. மாரி தொடங்கினால் நாங்கள் எல்லாரும் கேட்பது என்ன? “இரணைமடுவில எத்தனை அடி நிக்குது?” தண்ணீரின் அளவை உயரத்தால்தான் பேசுகிறோம். ஒரே குளத்துக்கு அது பொருந்தும், ஏனெனில் குளத்தின் வடிவம் நாளுக்கு நாள் மாறுவதில்லை. பிள்ளை அதே விதியை வடிவம் வேறான பாத்திரத்துக்கும் கொண்டுபோகிறது. அந்த விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைத்தான் அது இன்னும் பிரித்தறியவில்லை.

அனுபவம் இதில் புகுவதற்குச் சான்றும் உண்டு. மெக்சிக்கோவில் குயவர் வீட்டுப் பிள்ளைகள், களிமண் உருண்டையை உருமாற்றும் சோதனையில் மற்றப் பிள்ளைகளை விட நன்றாகச் செய்தார்கள் என்று பிறைஸ்-வில்லியம்சும் கூட்டாளிகளும் 1969இல் காட்டினார்கள். அதனால் “ஏழு வயது வரட்டும், இப்ப சொல்லிக் குடுத்தும் விளங்காது” என்று வயது அட்டவணையை வேலியாக்குவது ஆகப் பெரிய தவறு. 1995இல் சீக்லர் என்ற ஆய்வாளர் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் இதே வரிசைச் சோதனையில் சரி, பிழையைச் சொல்லியதோடு, “நான் இந்த விடைக்கு எப்படி வந்தேன் என்று நினைக்கிறாய்?” என்றும் கேட்டார். ஆய்வாளரின் காரணத்தைத் தாங்களே விளக்கிய பிள்ளைகள், சரி பிழை மட்டும் கேட்டவர்களை விடக் கூடுதலாக முன்னேறினார்கள். ஒரே பிள்ளை ஒரு தரம் நீளத்தையும் மறுதரம் எண்ணிக்கையையும் மாறி மாறிப் பிடிப்பதையும் அவர் கண்டார். பருவம் படிக்கட்டுப் போல இல்லை. பழைய வழியும் புதிய வழியும் கொஞ்சக் காலம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

சொல்லிலும் கவனம் வேண்டும். “எது பெரிசு?” என்று கேட்டால் நீளமானதைக் காட்டுவது பிழையே இல்லை. “எந்த வரிசையில கொட்டை கூட?” என்று கொட்டையைச் சொல்லியே கேளுங்கள்.

பயிலுனர் ஆசிரியை பழைய வரியை வெட்டிவிட்டு, இப்போது இப்படி எழுதியிருக்கிறார்: “6 கொட்டை, ஒரு கேள்வி: சமன், காரணம் ‘ஒண்டும் எடுக்கேல்லை’. ஒன்றை எடுத்தபோது கண்டுபிடித்தான். பேணியும் போத்தலும்: போத்தலில் கூட, காரணம் உயரம், திரும்ப ஊற்றினால் பழைய அளவு வரும் என்று தெரியும்.” பருவத்துக்கான கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது.