டயரை இடம் மாற்றியதைக் காருக்கும் சொல்ல வேண்டும்

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் வாங்கும் பழைய காரை முதல்முறை ஆயில் மாற்றக் கொண்டுபோனால், ‘டயர் ரொட்டேஷனும் சேர்த்துச் செய்துவிடட்டுமா?’ என்று கேட்பார்கள். தாராளமாகச் சரி என்று சொல்லலாம். முன் டயர்களும் பின் டயர்களும் ஒரே மாதிரி தேய்வதில்லை. அவ்வப்போது இடம் மாற்றிப் போட்டால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தேயும். ஆனால் அப்போதே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: ‘முடிந்ததும் டி.பி.எம்.எஸ். ரீலேர்ன் செய்வீர்களா?’ டி.பி.எம்.எஸ். என்பது டயரின் காற்றழுத்தத்தைக் கவனித்துச் சொல்லும் அமைப்பு. நான் இதைக் கேட்காமல் விட்டேன்.

ரொட்டேஷன் செய்து ஒரு வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. திரையைப் பார்த்தால் இடது பின் டயரில் 26 பி.எஸ்.ஐ., மற்ற மூன்றிலும் 34. பம்பில் நிறுத்தி இடது பின் டயருக்குக் காற்று ஏற்றினேன். அங்கிருந்த அளவுமானி வேலை செய்யவில்லை, குத்துமதிப்பாகத்தான் ஏற்றினேன். கிளம்பி இரண்டு தெரு தாண்டிப் பார்த்தால் இடது பின் அப்படியே 26. ஆனால் இடது முன் 43 ஆகியிருந்தது. நான் தொடவே தொடாத டயர்! வீட்டுக்கு வந்து கையளவுமானி வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 43 இருந்தது நான் ஏற்றிய பின் டயரில். 26 இருந்தது முன் டயரில், அதில் ஒரு ஆணி குத்தியிருந்தது. கடையில் முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாட்டியிருந்தார்கள். காருக்கு அது தெரியவில்லை.

ஏன் தெரியாது என்றால், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்த்து ஒரு சிறிய சென்சார் இருக்கிறது. அது ரேடியோவில் அனுப்புவது முக்கியமாகத் தன் அடையாள எண்ணும் காற்றழுத்தமும்தான். ‘நான் இடது முன்னால் இருக்கிறேன்’ என்று அது சொல்வதில்லை. அடுத்த அறையிலிருந்து நான்கு பிள்ளைகள் குரல் கொடுப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். யார் குரல் என்று தெரியும், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. எந்த எண் எந்த மூலையில் என்பதைக் கார் ஒருமுறை எழுதி வைத்துக்கொள்கிறது. ரொட்டேஷனுக்குப் பிறகும் அந்தப் பழைய குறிப்பையே நம்புகிறது. குறிப்பைத் திருத்தி எழுதுவதுதான் ரீலேர்ன்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரொட்டேஷன் முடிந்து வரும்போது எந்த விளக்கும் எரியாது. நான்கு எண்களும் காருக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான், நான்கும் ஒழுங்காகப் பேசுகின்றன, அப்புறம் அது எதற்குக் குறை சொல்லப்போகிறது? வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு அப்படியே எரிந்து நின்றால் அது வேறு கதை. ஒரு சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது காருக்குத் தெரியாத புதுச் சென்சார் மாட்டியிருக்கலாம். ஆகவே விளக்கு எரியவில்லை என்பதை வைத்து ரீலேர்ன் ஆகிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அழுத்தம் வைக்கும் வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் முன் 33, பின் 41 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைவதற்குள் எச்சரிக்கை வர வேண்டும். அப்படியானால் பின் டயருக்கு 31 அளவிலேயே விளக்கு எரிய வேண்டும், முன் டயருக்கு 25 அளவில். முன், பின் எல்லைகளைத் தனித்தனியாக வைத்திருக்கும் காரில் குறிப்பு மாறிப்போனால், பின்னால் சுமை தாங்கும் டயரை அது முன் டயர் என்று நினைத்துக்கொண்டு 25 வரை இறங்கும்வரை பேசாமல் இருக்கும்.

எல்லாக் காருக்கும் இந்த வேலை தேவையில்லை. திரையில் எண்கள் காட்டாமல், ஒரே ஒரு விளக்கு மட்டும் உள்ள கார், நான்கு டயருக்கும் ஒரே அழுத்தம் என்றால், எது எங்கே இருந்தாலும் பாதகமில்லை. சில கார்களில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. சக்கரம் சுற்றும் வேகத்தை ஏ.பி.எஸ். என்ற பிரேக் அமைப்பின் மூலம் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும். அவற்றில் ரீலேர்னுக்குப் பதிலாக, காற்றைச் சரியாக வைத்துவிட்டு மெனுவிலோ பொத்தானிலோ ரீசெட் கொடுக்க வேண்டும்.

இடத்தைத் தானாகவே கண்டுபிடிக்கும் கார்களும் நிறைய வந்துவிட்டன. அவற்றை இருபது நிமிடம் போல நிறுத்திவைத்து, பிறகு நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும். எவ்வளவு நேரம், எந்த வேகம் என்பது கையேட்டில் இருக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் தெருவில் ஓட்டினால் முடிய நேரமாகும்.

சரி, கருவி எப்போது வேண்டும்? இங்கே இரண்டு கருவிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, சென்சாரை எழுப்பும் கைக்கருவி. இது காரில் செருகப்படுவதே இல்லை. பல ஜி.எம். கார்களில் மெனுவில் கற்றல் நிலைக்குப் போனால் ஹாரன் இருமுறை அடிக்கும், திரையில் TIRE LEARNING ACTIVE என்று வரும். பிறகு கருவியை இடது முன் டயரின் வால்வு அருகே பிடித்து அழுத்தினால், அந்தச் சென்சார் பேசி, ஹாரன் ஒருமுறை அடிக்கும். அடுத்து வலது முன், வலது பின், கடைசியில் இடது பின். வரிசை தப்பக் கூடாது. முதலில் வலது முன் டயரில் வைத்துவிட்டால் கார் அதையே இடது முன் என்று எழுதிக்கொள்ளும். சில நிமிடங்களுக்குள் நான்கையும் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

இரண்டாவதுதான் ஸ்கேன் டூல். பல டொயோட்டா மாடல்களைப் போல, சென்சார் எண்களை ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கணினியோடு பேசுவதற்கென்று உள்ள ஓ.பி.டி. போர்ட் வழியாக எழுதும் கார்களுக்கு இது வேண்டும். நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து எண்களைப் படித்து, பிறகு போர்ட்டில் செருகிப் புது வரிசையைக் காருக்குள் எழுதுவார்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ரீடரை வாங்கிவிட்டு இதைச் செய்யலாம் என்று இருந்துவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை எஞ்சின் கோளாறு எண்களைப் படிப்பதற்கு மட்டும்தான். சென்சாரை எழுப்பவும் முடியாது, எழுதவும் முடியாது. பனிக்காலத்துக்கென்று வேறு சென்சார்களுடன் இரண்டாம் செட் சக்கரம் வைத்திருந்தால், இப்படிப்பட்ட கார்களில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்த வேலை வரலாம்.

கடையில் செய்தோம் என்று சொன்னால் சரிபார்க்க எளிய வழி உண்டு. இடது முன் டயரின் வால்வை அழுத்தி நான்கு பி.எஸ்.ஐ. காற்றை வெளியே விடுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திரையைப் பாருங்கள். குறைந்த எண் இடது முன் இடத்தில் இருக்க வேண்டும். இடது பின்னாலும் ஒருமுறை இதேபோல் செய்துவிட்டால் அந்தப் பக்கம் தெளிவாகிவிடும், வலது பக்கமும் அப்படித்தான். டயர் ஆறியதும், ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குத் திரும்பக் காற்றை ஏற்றிவிடுங்கள்.