பெட்டியை நிறுத்த வேண்டுமா? புதன்கிழமையே நிறுத்துங்கள்

லண்டனுக்கு வந்த முதல் மாதமே, சமைக்க வேண்டிய காய்கறி, இறைச்சி, மசாலா எல்லாம் அளந்து வீட்டுக்கு வரும் வாரப் பெட்டிக்குப் பலர் சேர்ந்துவிடுகிறார்கள். நானும் சேர்ந்தேன். சேருவது சுலபம்: முகவரி, கார்டு, எந்தக் கிழமை வேண்டும், அவ்வளவுதான். முதல் சில பெட்டிகளுக்குத் தள்ளுபடி உண்டு. அப்புறம் முழு விலை, வாராவாரம், நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே.

நிறுத்துவதில்தான் ஏமாந்தேன். ஊரில் பால்காரரிடம் ராத்திரி சொன்னால் காலையில் பால் வராது. இங்கே சூப்பர் மார்க்கெட் டெலிவரியைக்கூடப் பெரும்பாலும் முந்தின நாள் இரவு வரை மாற்றலாம். பெட்டியும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

என் பெட்டி செவ்வாய்க்கிழமை வரும். 2025 பொங்கல், ஜனவரி 14, ஒரு செவ்வாய். பொங்கலுக்கு அம்மாவோடு இருக்க வேண்டும் என்று 11ஆம் தேதி விமானம் ஏறினேன். முந்தின இரவு சூட்கேஸ் அடுக்கிக்கொண்டே ஆப்பில் வாரப் பெட்டியை நிறுத்தச் சொன்னேன். ‘நிறுத்தப்பட்டது’ என்று வந்தது. பொங்கலன்று கீழ்வீட்டு அக்கா போட்டோ அனுப்பினார்: என் வாசலில் பெட்டி, அடியெல்லாம் ஈரம், ஐஸ் பை உருகி, உள்ளே கோழி. கார்டில் 42 பவுண்டு போயிருந்தது.

அந்தப் பெட்டிக்கான கெடு 8ஆம் தேதி, புதன் இரவு 11.59. அதோடு எத்தனை கோழி, எத்தனை வெங்காயம் என்று கணக்கெடுத்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அதன்பின் நிறுத்தினால் அடுத்த பெட்டியிலிருந்துதான் செல்லும். சந்தாவையே ரத்து செய்தாலும் கெடு தாண்டிய பெட்டி வந்தே தீரும். 14 நாளில் திருப்பி அனுப்பலாமே என்று வாதாடினேன். 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் அந்த உரிமை சீக்கிரம் கெடும் பொருளுக்கு இல்லை என்றது நிறுவனம். அவர்கள் சொன்னது சரிதான், ஆனாலும் வயிறு எரிந்தது.

அதனால் ‘நிறுத்தப்பட்டது’ என்ற வரியை நம்பாதீர்கள். அடுத்த பெட்டியின் தேதியைத் திறந்து பாருங்கள். ‘ஸ்கிப்’ பொத்தான் இன்னும் இருந்தால் கெடு தாண்டவில்லை. பொத்தான் போய், பெட்டி தயாராகிறது என்று இருந்தால் அது வரும். உடனே அக்கம்பக்கத்தில் யாரிடமாவது எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நிறுத்தாமல் வாரவாரமாக ஸ்கிப் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். என் ஆப்பில் நான்கு வாரம்தான் முன்னால் தெரியும். ஆறு வாரம் ஊருக்குப் போன நண்பர் நான்கையும் ஸ்கிப் செய்துவிட்டு நிம்மதியாகப் போனார். ஐந்தாவது வாரம் பெட்டி வந்து நின்றது. நீண்ட விடுமுறை என்றால் சந்தாவை ரத்தே செய்யுங்கள், அதுவும் கெடுவுக்கு முன். கிழமையை மாற்றினாலும் கெடு நகரும், அதையும் திரும்பப் பாருங்கள்.

நான் இப்போது போனில் புதன் மாலை 7 மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.