ஊசி போட்ட பிறகும் திரும்ப வருகிறதா? வெட்டை, கிளமிடியா சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொனோரியா என்பதைத்தான் நம் ஊரில் வெட்டை நோய் என்பார்கள். கிளமிடியாவுக்கு அப்படிப் பழைய பேர் எதுவும் கிடையாது, ஆனால் இரண்டும் அடிக்கடி சேர்ந்தே வரும். இரண்டுமே உடலுறவில் தொற்றும் பாக்டீரியாவால் வருபவை, சரியான மருந்து கொடுத்தால் முழுதாகக் குணமாகக் கூடியவை. அப்படியிருந்தும் "மருந்து சாப்பிட்டேன், மறுபடி வந்துவிட்டது" என்று வருகிறவர்கள் நிறையப் பேர். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மருந்து தோற்றிருக்காது. தவறான மருந்தோ தவறான அளவோ எடுத்திருப்பார், அல்லது துணைக்கு மருந்து போயிருக்காது, அல்லது டெஸ்ட்டைத் தவறான நாளில் எடுத்திருப்பார்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம், பேர் குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள், 31 வயது, வேலை சென்னையில், மனைவி ஊரில் நான்கு மாதக் கர்ப்பம். குமாருக்கு வெளியே ஒருவரோடு ஆணுறை இல்லாமல் உறவு ஏற்படுகிறது. நான்காம் நாள் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடுத்த நாள் மஞ்சள் சீழ். முதலில் 'உடம்பு சூடு' என்று இளநீரும் வெந்தயமும். இரண்டு நாளில் அடங்காததால் மருந்துக்கடையில் போய்ச் சொல்ல, கடைக்காரர் சிப்ரோஃப்ளாக்ஸசின் ஐந்து நாளைக்கும், கூடவே 500 மில்லிகிராம் அசித்ரோமைசின் ஒன்றும் கொடுக்கிறார்.

இங்கேதான் முதல் தவறு. வெட்டைக் கிருமி சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு எப்போதோ பழகிவிட்டது. அமெரிக்காவில் 2007-லேயே அந்த வகை மருந்துகளை இந்த நோய்க்குப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டார்கள், இந்தியாவிலும் எதிர்ப்பு மிக அதிகம். அசித்ரோமைசினையும் இப்போது வெட்டைக்குத் தனியாக நம்ப முடியாது. ஆனால் அரைகுறை மருந்துக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு, அது சீழைக் கொஞ்சம் குறைத்துவிடும். குறைந்ததும் ஆள் நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார். மருந்தே எடுக்காமல் விட்டால்கூட சில வாரங்களில் அறிகுறி தானாக மங்கும், கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும், பரவிக்கொண்டும் இருக்கும். குமார் விஷயத்தில் அதுதான் நடந்தது. வார இறுதியில் ஊருக்குப் போனார், மனைவியோடு உறவு கொண்டார், பத்து நாள் கழித்து சீழ் பழையபடி வந்தது.

இப்போது டாக்டரிடம் போகிறார். எரிச்சல் என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னால் அங்கேயும் வழி தவறிப் போகலாம். சிறுநீர்த் தொற்று என்று நினைத்து 'யூரின் கல்ச்சர்' எழுதிவிட்டால் அதில் இந்த இரண்டு கிருமியும் வளராது, 'கிருமி இல்லை' என்றே வரும். வழக்கமான யூரின் கல்ச்சருக்கு முதல் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள். இதற்கு அப்படியே தலைகீழ். ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்துவிட்டு, முதலில் வரும் 20 முதல் 30 மில்லிலிட்டரைத்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் கிருமி உட்கார்ந்திருப்பது சிறுநீர்க் குழாயின் சுவரில், முதல் நீர்தான் அதைக் கழுவிக்கொண்டு வரும். பெண்களுக்கு யோனியிலிருந்து குச்சியில் எடுக்கும் மாதிரிதான் சிறந்தது. செய்ய வேண்டிய டெஸ்ட் பிசிஆர் வகை. ரத்தத்தில் கிளமிடியா ஐஜிஜி, ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதங்களைப் பார்ப்பது இப்போது தொற்று இருக்கிறதா என்பதைச் சொல்லாது, அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். வாய்வழி, ஆசனவாய்வழி உறவு இருந்திருந்தால் தொண்டையிலும் ஆசனவாயிலும் தனியாக மாதிரி எடுக்க வேண்டும், அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், சிறுநீர் டெஸ்ட்டில் அது தெரியாது.

குமாருக்கு இரண்டுமே பாசிட்டிவ். இன்று வெட்டைக்கு முதல் தேர்வு செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி, தசையில் ஒரே ஒரு முறை. அமெரிக்க வழிகாட்டுதல் 2020 டிசம்பரிலிருந்து 500 மில்லிகிராம் என்கிறது, உடல் எடை 150 கிலோவுக்கு மேல் என்றால் 1 கிராம். பிரிட்டன் எல்லோருக்குமே 1 கிராம் கொடுக்கிறது. ஊசி கிடைக்காத இடத்தில் செஃபிக்ஸிம் மாத்திரை 800 மில்லிகிராம் ஒரே தடவையில், ஆனால் தொண்டையில் இருக்கும் வெட்டைக்கு அது ஊசி அளவுக்குக் கேட்காது. மருந்துக்கடையில் வழக்கமாகக் கொடுக்கும் 'செஃபிக்ஸிம் 200, காலை ஒன்று இரவு ஒன்று' என்ற கணக்கு இந்த நோய்க்கானது இல்லை. ஒரே நேரத்தில் ரத்தத்தில் மருந்து உயரமாக ஏறி பல மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும், பிரித்துச் சாப்பிட்டால் அந்த உயரம் வராது, தாக்குப்பிடிக்கும் கிருமிகள்தான் மிஞ்சும். செஃப்ட்ரையாக்ஸோன் வகை மருந்துக்கே கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஜென்டாமைசின் 240 மில்லிகிராம் ஊசியோடு அசித்ரோமைசின் 2 கிராம் என்று மாற்று வழி இருக்கிறது.

கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். முன்பு அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளையாகக் கொடுப்பது பரவலாக இருந்தது, இன்னும் பலர் எழுதுகிறார்கள், சுலபம்தான். ஆனால் ஆசனவாயில் கிளமிடியா இருந்த ஆண்களிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில் டாக்சிசைக்ளின் சுமார் 97 சதவீதம் பேருக்குக் கேட்டது, அசித்ரோமைசின் சுமார் 76 சதவீதம் பேருக்குத்தான். பெண்களுக்கு ஆசனவாய்வழி உறவே இல்லாமலும் அங்கே கிளமிடியா இருக்கலாம் என்பதால் இது அவர்களுக்கும் பொருந்தும் விஷயம்.

குமார் மூன்றாம் நாளே டாக்சிசைக்ளினை நிறுத்திவிட்டார். சீழ் நின்றுவிட்டது, மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்பது காரணம். சீழ் நின்றது ஊசியால், அதாவது வெட்டை அடங்கியதால். கிளமிடியாவுக்கு ஊசி ஒன்றும் செய்யாது, அதற்கு அந்த ஏழு நாளும் வேண்டும். வயிற்றுப் புரட்டலுக்கு வழி இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரமாவது படுக்காமல் இருந்தால் போதும், இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பால், இரும்புச்சத்து மாத்திரை, ஜெலுசில் மாதிரியான அமில மருந்து எதையும் அதோடு சேர்க்கக் கூடாது. வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும், அந்த ஒரு வாரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, மனைவி? அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை. "அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், அவளை ஏன் இதில் இழுக்கணும்" என்பதுதான் குமாரின் முதல் பதில், பெரும்பாலான ஆண்கள் சொல்வதும் இதுவேதான். பெண்களில் இந்த இரண்டு தொற்றும் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் இருக்கும், இருந்துகொண்டே கருக்குழாய் வரை ஏறும், பிறகு குழந்தை தங்காமல் போவதும் கருக்குழாயில் கரு தங்குவதும் அதன் தொடர்ச்சியாக வரலாம். இங்கே அவர் கர்ப்பிணி வேறு. பிரசவத்தில் குழந்தையின் கண்ணுக்கும், கிளமிடியா என்றால் நுரையீரலுக்கும் தொற்று போகலாம். இன்னொன்று, அவருக்கு மருந்து போகாவிட்டால் குமாருக்கு எத்தனை ஊசி போட்டாலும் வீண்தான், அடுத்த உறவிலேயே திரும்ப வாங்கிக்கொள்வார்.

கடந்த 60 நாளில் உறவு இருந்த எல்லோரையும் பரிசோதித்து, ரிசல்ட் வரும்வரை காத்திராமல் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 60 நாளுக்குள் யாரும் இல்லை என்றால் கடைசியாக உறவு இருந்தவருக்கு. சிலர் மனைவிக்குத் தெரியாமல் சத்து மாத்திரை என்று சொல்லித் தங்களுக்கு எழுதியதையே கொடுத்துவிடுகிறார்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன், செய்யாதீர்கள். அவருடைய உடம்புக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருடையது, தவிர கர்ப்ப காலத்தில் டாக்சிசைக்ளின் கூடாது. குமாரின் மனைவிக்குச் சரியான சிகிச்சை செஃப்ட்ரையாக்ஸோன் ஊசியும் அசித்ரோமைசின் 1 கிராமும். எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்கள் டாக்டரிடமோ ஆலோசகரிடமோ இருவருமாகப் போய் அங்கே வைத்துச் சொல்லலாம். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகர் இருப்பார், 1097 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். இருவரும் எச்ஐவி, சிபிலிஸ் டெஸ்ட்டையும் அப்போதே எடுத்துவிட வேண்டும்.

மருந்து முடியும்வரை உறவு கூடாது. ஒரே வேளை மருந்து என்றால் அன்றிலிருந்து ஏழு நாள், ஏழு நாள் மருந்து என்றால் அது முடியும்வரை, அதுவும் இருவரில் யார் கடைசியாக ஆரம்பித்தாரோ அவர் கணக்குப்படி.

கடைசியில் குமாருக்குப் பயம் வந்துவிட்டது. மறுபடி ஏழு நாள் டாக்சிசைக்ளினை ஒழுங்காக முடித்து, முடித்த பத்தாம் நாள் தானாகவே லேபுக்குப் போய் பிசிஆர் எடுத்தார், கிளமிடியா பாசிட்டிவ். உடனே இன்னொரு ஆன்டிபயாடிக் கேட்கிறார். அது தேவையே இல்லாமல் இருக்கலாம். பிசிஆர் கிருமியின் மரபுப்பொருளைத் தேடுகிறது, அது உயிருள்ள கிருமியுடையதா செத்ததுடையதா என்று அதற்குத் தெரியாது. செத்த கிருமியின் மிச்சம் மூன்று நான்கு வாரம் வரை இருக்கும், அதனால் கிளமிடியாவுக்கு நான்கு வாரத்துக்குள் திரும்ப டெஸ்ட் எடுக்கக் கூடாது. குணமானதா என்று பார்க்கும் டெஸ்ட் கிளமிடியாவில் எல்லோருக்கும் தேவையில்லை, கர்ப்பிணிக்குக் கட்டாயம், அதாவது குமாரின் மனைவிக்கு நான்கு வாரம் கழித்து. வெட்டையில் தொண்டைத் தொற்று என்றால் 7 முதல் 14 நாளுக்குள் பார்க்க வேண்டும், அங்கேதான் மருந்து அதிகம் தவறுகிறது. மற்றபடி இருவருமே மூன்று மாதம் கழித்து இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டும். அது மருந்து வேலை செய்ததா என்று பார்க்க அல்ல, திரும்பத் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க.

ஊசி சரியான அளவில் போட்டு, உறவும் இல்லாமல், மூன்று முதல் ஐந்து நாளாகியும் சீழ் நிற்கவில்லை என்றால் மட்டும் கதை வேறு. அப்போது சீழையே எடுத்து வெட்டைக் கிருமிக்கென்று தனியாகக் கல்ச்சர் செய்து எந்த மருந்து கேட்கிறது என்று பார்க்க வேண்டும், அந்த மாதிரியை அடுத்த மருந்து தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.