முதல் வங்கி ஸ்டேட்மென்ட்: இருப்பு எண்களைப் படிப்பது எப்படி

சிங்கப்பூரில் கணக்குத் திறந்த மறுமாதம் வங்கிச் செயலியில் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்-ஆக வரும். முதல் வரியில் Balance Brought Forward என்றோ BALANCE B/F என்றோ இருப்பதுதான் தொடக்க இருப்பு. புதுக் கணக்கென்றால் அது 0.00 என்று இருக்கும். நீங்கள் முதலில் போட்ட பணம் அதற்கு அடுத்த வரியில் வரவாகத்தான் வரும். பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஜூன் 9-இல் 500 வெள்ளி போட்டீர்கள். வலது ஓர இருப்புப் பத்தியில் 500.00. 12-ஆம் தேதி மளிகைக்கு நெட்ஸில் 46.30 போனது, இருப்பு 453.70. 15-ஆம் தேதி அறை வாடகைக்கு பேநவ்வில் 350 அனுப்பினீர்கள், 103.70. 27-இல் சம்பளம் 2,400 ஏறியது, 2,503.70. மறுநாள் ஊருக்குப் பணம் அனுப்ப 1,200 எடுத்தீர்கள், 1,303.70. ஜூனின் இறுதி இருப்பு அதுவே.

இருப்புப் பத்தி ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கையில் மிஞ்சியதைச் சொல்கிறது. அந்தப் பத்தியைக் கூட்டக் கூடாது. கூட்ட வேண்டியவை வரவும் பற்றும் மட்டுமே: தொடக்கம் 0, மொத்த வரவு 2,900, மொத்தப் பற்று 1,596.30. கழித்தால் 1,303.70 வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் நீங்கள் ஒரு வரியை விட்டிருப்பீர்கள். ஒவ்வொரு வரியாக முந்தைய இருப்போடு கூட்டியோ கழித்தோ பாருங்கள், எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும்.

பல பக்க ஸ்டேட்மென்டில் கவனம் தேவை. சில வங்கிகள் ஒவ்வொரு பக்க அடியிலும் Balance Carried Forward என்று போட்டு, அதே தொகையை அடுத்த பக்கத் தலையில் மறுபடி எழுதும். அது வரவும் அல்ல, இறுதி இருப்பும் அல்ல. கடைசிப் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் பேரைக் குழப்புவது வேறொன்று. ஜூன் 30 மாலை டெபிட் கார்டில் 62.40-க்குத் துணி வாங்கினீர்கள். செயலி உடனே 1,241.30 என்று காட்டும், ஸ்டேட்மென்டோ 1,303.70 என்கிறது. இரண்டும் சரி. கடைக்கான தொகையை வங்கி அப்போது ஒதுக்கி மட்டும் வைத்தது. கணக்கில் பதிவாக ஓரிரு நாளாகும். அந்த வரி ஜூலை ஸ்டேட்மென்டில் வரும். பேருந்திலும் எம்ஆர்டியிலும் வங்கிக் கார்டைத் தட்டினால், சில நாள் கட்டணம் சேர்ந்து ஒரே வரியாகப் பின்னால் பதிவாவதும் உண்டு. ஆகவே மாதக் கடைசியில் இறுதி இருப்பை நம்பி முழுத் தொகையையும் ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். செயலி காட்டும் Available Balance-ஐப் பார்த்து அனுப்புங்கள்.

ஜூலை ஸ்டேட்மென்ட் வந்ததும் அதன் தொடக்க இருப்பு 1,303.70 என்று காசு பிசகாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு கணக்கின் ஸ்டேட்மென்டைத் திறந்திருக்கிறீர்களா என்று கணக்கு எண்ணை முதலில் சரிபாருங்கள்.