இரு தட வடிகட்டித் தொகுதி: ஏலியாஸை நீக்கி, சமிக்ஞையை முழுமையாக மீட்பது எப்படி?

ஒரு சமிக்ஞையைத் தாழ் அலைவெண் பகுதி, உயர் அலைவெண் பகுதி என இரண்டு தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்திலும் ஒன்றுவிட்டு ஒரு மாதிரியை நீக்கினால், மொத்த மாதிரிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ முன்பிருந்த அளவிலேயே இருக்கும். ஆனால் மாதிரிகளை நீக்கும்போது ஒவ்வொரு தடத்திலும் ஏலியாஸ், அதாவது ஓர் அலைவெண் வேறோர் அலைவெண்ணாகத் தோன்றும் போலி உருவம், புகுந்துவிடுகிறது. இரண்டு தடங்களிலும் புகுந்த ஏலியாஸ்கள் கடைசிக் கூட்டலில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி வடிகட்டிகளைத் தேர்ந்தெடுப்பதே இங்கு வேலை.

படி 1: நிபந்தனைகள்

உள்ளீட்டின் z-மாற்றத்தை X(z) என்றும், பிரிக்கும் வடிகட்டிகளை H0, H1 என்றும், சேர்க்கும் வடிகட்டிகளை F0, F1 என்றும் கொள்வோம். ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கி, அந்த இடங்களில் பூஜ்ஜியத்தைச் செருகினால், Y(z) என்பது ½[Y(z) + Y(−z)] ஆகிவிடும். இந்த Y(−z) தான் ஏலியாஸ். இதை இரண்டு தடங்களுக்கும் எழுதிக் கூட்டினால், வெளியீட்டில் X(z), X(−z) ஆகிய இரண்டும் வருகின்றன. X(−z) மறைய வேண்டும். X(z) வெறும் L மாதிரித் தாமதத்தோடு வர வேண்டும்.

```
F0(z)H0(-z) + F1(z)H1(-z) = 0
F0(z)H0(z)  + F1(z)H1(z)  = 2 z^-L
```

முதல் நிபந்தனையை நிறைவேற்ற எளிய வழி, F0(z) = H1(−z), F1(z) = −H0(−z) என வைப்பதாகும்; இரண்டையும் ஒரே மாறிலியால் பெருக்கினாலும் நிபந்தனை குலையாது. F1-இல் உள்ள கழித்தல் குறியைக் கவனமாகப் பாருங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: எண்களில் சரிபார்த்தல்

மிகக் குட்டையான வடிகட்டிகளை எடுத்துக்கொள்வோம்; அவற்றின் கெழுக்களைச் சிறிய எழுத்தில் குறிக்கிறேன்.

```
h0 = [½, ½]    h1 = [½, -½]
f0 = [1, 1]    f1 = [-1, 1]
```

உள்ளீடு 4, 6, 10, 2. அதற்கு முன்னும் பின்னும் பூஜ்ஜியம். h0 தருவது 2, 5, 8, 6, 1. h1 தருவது 2, 1, 2, −4, −1. இடங்களை 0-இலிருந்து எண்ணி, இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டால், முதல் தடத்தில் 2, 8, 1, இரண்டாவதில் 2, 2, −1 மிஞ்சும். பூஜ்ஜியங்களைச் செருகி f0, f1 வழியாக அனுப்பினால்:

```
f0 தடம்:   2  2   8  8  1   1
f1 தடம்:  -2  2  -2  2  1  -1
கூட்டல்:   0  4   6 10  2   0
```

ஒரு மாதிரித் தாமதத்தோடு உள்ளீடு அப்படியே திரும்பிவிட்டது. இரண்டாம் நிபந்தனையின்படி கணக்கிட்டாலும் 2z⁻¹ தான் கிடைக்கிறது.

படி 3: குறி தவறினால்

f1-ஐ [1, −1] என்று எழுதிவிட்டால் வெளியீடு 4, 0, 10, 6, 0, 2 ஆகிறது. அண்டை மாதிரிகள் இரண்டிரண்டாக இடம் மாறிவிட்டன. நான் இதே பிழையைச் செய்துவிட்டு, மாறாத மதிப்புள்ள சமிக்ஞையைக் கொடுத்துச் சோதித்து, எல்லாம் சரி என்று நம்பியிருக்கிறேன். எல்லா மாதிரிகளும் ஒரே எண்ணாக இருக்கும்போது, அவை இடம் மாறியது எப்படித் தெரியும்?

ஒற்றைத் துடிப்பைக் கொண்டு சோதிப்பது நல்லது, ஆனால் ஒருமுறை சோதித்தால் போதாது. தவறான f1-இல், 0-ஆம் இடத்தில் உள்ள துடிப்பு தாமதமே இல்லாமல் அப்பழுக்கின்றி 0-ஆம் இடத்திலேயே வெளிவருகிறது. 1-ஆம் இடத்தில் உள்ள துடிப்போ 3-ஆம் இடத்தில் வருகிறது. ஆகவே ஒரு முறை இரட்டைப்படை இடத்திலும், ஒரு முறை ஒற்றைப்படை இடத்திலும் துடிப்பை வைத்துப் பாருங்கள். தாமதமோ வடிவமோ இரண்டுக்கும் வேறுபட்டால், ஏலியாஸ் எஞ்சியிருக்கிறது என்று பொருள்.

படி 4: ஏலியாஸ் போனாலும் மீட்பு நிறைவேறாத நிலை

h0 = [1, 2, 1]/4, h1 = [1, −2, 1]/4 என எடுத்து, F0, F1 ஆகியவற்றைப் படி 1-இல் சொன்னபடி அமைத்து இரண்டால் பெருக்குங்கள். ஏலியாஸ் முற்றிலும் நீங்கிவிடும். துடிப்பு எந்த இடத்தில் இருந்தாலும் ஒரே மாதிரியான விடையே வரும். ஆனால் அந்த விடை ஒற்றைத் துடிப்பாக இராமல், 1 மாதிரித் தாமதத்தில் ½, 3 மாதிரித் தாமதத்தில் ½ என இரண்டாகப் பிளந்திருக்கும். மாதிரி எடுக்கும் வீதத்தின் கால் பங்கு அலைவெண்ணில் இந்த இரண்டும் எதிரெதிராக நின்று, அந்த அலைவெண்ணையே அழித்துவிடும்.

இங்கே h0-ஐ மாற்ற வேண்டியதில்லை. h1-ஐ மட்டும் [−1, −2, 6, −2, −1]/4 என நீட்டி, F0, F1 ஆகியவற்றை மீண்டும் படி 1-இன்படி, இம்முறை இரண்டால் பெருக்காமல், அமைத்தால், F0(z)H0(z)-இன் கெழுக்கள் [−1, 0, 9, 16, 9, 0, −1]/16 ஆகின்றன. இதில் ஒற்றைப்படை அடுக்குகளில் நடுவிலுள்ள 16 மட்டுமே பூஜ்ஜியமற்றது. F1(z)H1(z)-ஐக் கூட்டும்போது இரட்டைப்படை அடுக்குகள் எல்லாம் நீங்கி, ஒற்றைப்படை அடுக்குகள் இரட்டிப்பாவதால், மிஞ்சுவது 2z⁻³ மட்டுமே. துடிப்பு இப்போது 3 மாதிரித் தாமதத்தில் ஒற்றையாக வெளிவரும்.