ஸ்க்ரீனிங் வைவா: பத்து நிபந்தனைகளை ஒப்பித்த பிறகும் மார்க் போவது எங்கே?

ஸ்க்ரீனிங் திட்டம் தொடங்க என்னென்ன நிபந்தனைகள் என்று கம்யூனிட்டி மெடிசின் வைவாவில் கேட்டால், வில்சனும் யுங்னரும் 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய பத்தையும் பலர் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். மார்க் போவது அடுத்த கேள்வியில்தான். எக்ஸாமினர் ஒரு ஊரைச் சொல்லி, அதை அங்கே பொருத்திக் காட்டச் சொல்வார். சேலத்தில் படிப்பவர்களுக்கு ஏற்காட்டையே வைத்துப் பார்ப்போம். காபி எஸ்டேட் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஸ்க்ரீனிங், வி.ஐ.ஏ. முறையில்.

எக்ஸாமினர்: ஏம்மா இந்த நோயைத் தேர்ந்தெடுத்தே?

மாணவி: அதிகமாக வரும் நோய், சார்.

இதுதான் முதல் சறுக்கல். நிபந்தனை கேட்பது முக்கியமான பிரச்சினையா என்பதை. ஃபீனைல்கீட்டோனூரியா மிக அரிது. ஆனாலும் பிறந்த குழந்தைக்குக் கண்டுபிடித்து உணவை மாற்றினால் மூளை பாதிப்பைத் தடுக்கலாம் என்பதால் பல நாடுகளில் ஸ்க்ரீனிங் உண்டு. இப்படிச் சொல்லியிருக்கலாம்: “இந்த நோய் உயிரைப் பறிக்கும், சார். புற்றாக மாறுவதற்கு முன் பல வருடங்கள் முன்நிலையிலேயே இருக்கும். அப்போதே கண்டுபிடித்து நீக்கினால் புற்றே வராது.” முக்கியத்துவம், மறைந்திருக்கும் கட்டம், சிகிச்சை என மூன்று நிபந்தனைகள் இந்தப் பதிலுக்குள் வந்துவிடுகின்றன.

எக்ஸாமினர்: வி.ஐ.ஏ. எப்படிச் செய்வாங்க? பாசிட்டிவ் வந்தா?

மாணவி: கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்போம். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பாசிட்டிவ். அப்படியானால் நோய் இருக்கிறது, சார்.

கடைசி வாக்கியத்தில்தான் வழுக்கல். ஸ்க்ரீனிங் டெஸ்ட் நோயை உறுதி செய்வதில்லை. இதைப் புரியவைக்க ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 1000 பெண்கள் வருகிறார்கள், 10 பேருக்கு முன்நிலை மாற்றம் இருக்கிறது, சென்சிட்டிவிட்டி 80 சதவீதம், ஸ்பெசிபிசிட்டி 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 பேரில் 8 பேர் பாசிட்டிவ். நோயில்லாத 990 பேரிலும் ஏறக்குறைய 150 பேர் பாசிட்டிவ். ஆக, பாசிட்டிவ் என்று கேட்டுப் பயந்து நிற்கும் சுமார் 158 பேரில் உண்மையான நோய் 8 பேருக்குத்தான், அதாவது 20 பேரில் ஒருவருக்கு. தப்பிப்போன 2 பேர் ‘நமக்கு ஒன்றுமில்லை’ என்று வீடு திரும்பியிருப்பார்கள். அவர்களையும் மறக்காமல் சொல்லுங்கள்; எக்ஸாமினரின் முகம் மாறுவது இந்த இடத்தில்தான்.

எக்ஸாமினர்: ஸ்க்ரீனிங் பலன் தருதுன்னு எதை வச்சுச் சொல்வே?

மாணவி: கண்டுபிடித்த பிறகு நோயாளி அதிக வருடம் வாழ்கிறார், சார்.

இந்தப் பதிலைத் தவிருங்கள். ஒரு பெண்ணுக்கு 53 வயதில் அறிகுறி வந்து நோய் தெரிகிறது, 55-இல் இறக்கிறார். அவருக்கே ஸ்க்ரீனிங்கில் 50-இல் தெரிந்து, அப்போதும் 55-இல்தான் இறக்கிறார் என்றால், இரண்டு வருடம் ஐந்தாகிவிட்டதுபோலத் தோன்றும். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. இதுதான் லீட் டைம் பயஸ். கேட்கவேண்டியது, ஸ்க்ரீனிங் செய்த மக்களிடம் இறப்பு குறைந்ததா என்பது. சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது: திண்டுக்கல் மாவட்டத்தில் நர்ஸ்கள் ஒரே ஒரு சுற்று வி.ஐ.ஏ. செய்த ஆய்வில், கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டால் இந்தப் புற்றால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. முடிவு 2007-இல் வெளியானது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்திருப்பவருக்கு மார்க் நிச்சயம்.

எக்ஸாமினர்: சரி. பாசிட்டிவ் ஆனவங்க என்ன செய்வாங்க?

மாணவி: சேலத்துக்கு கால்போஸ்கோபிக்கு அனுப்புவோம், சார்.

எக்ஸாமினர்: எத்தனை பேர் இறங்கி வருவாங்க?

பெரும்பாலான பதில்கள் இங்கேதான் நின்றுபோகின்றன. நோயை உறுதி செய்யவும் சிகிச்சை தரவும் வசதி வேண்டும் என்பது பத்தில் ஒன்று. வசதி சேலத்தில் இருப்பதும், 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஒரு நாள் கூலியை விட்டு அந்தப் பெண் அங்கே போய்ச் சேர்வதும் வேறு வேறு. நல்ல பதில் இப்படி இருக்கும்: “தெர்மல் அப்லேஷன் கருவியை முகாமுக்கே கொண்டுபோவோம், சார். திட்டு முழுதும் கண்ணுக்குத் தெரிந்து, உட்புறக் குழாய்க்குள் போகாமல், புற்று என்ற சந்தேகமும் இல்லையென்றால் அன்றைக்கே சிகிச்சை. மற்றவர்களை மட்டும் கீழே அனுப்பி, வந்தார்களா என்று கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டில் பார்ப்பார்.” அப்புறம் அதன் விலையையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: நோயில்லாத சிலருக்கும் இதில் சிகிச்சை நடந்துவிடும்.

எக்ஸாமினர்: முகாம் எப்போ வைப்பே?

மாணவி: டிசம்பரில் வேண்டாம், சார். காபி பறிப்பு நேரம், ஒருவரும் வர மாட்டார்கள். அது முடிந்த பிறகு வைப்போம். 30 வயதானவர்களிலிருந்து தொடங்கி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதே பதிவேட்டை வைத்துத் திரும்பக் கூப்பிடுவோம்.

‘தொடர்ந்து நடக்க வேண்டும், ஒரே தடவையோடு முடியக் கூடாது’ என்ற பத்தாவது நிபந்தனைக்கு இதுவே பதில்.